ஒரு நிமிடத்துக்கு எத்தனை எழுத்து?

போன மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி அக்கா பொண்ணு போன் பண்ணினாள். "மாமா, ஒரு கம்பெனியில லெட்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒரு நிமிஷம் பேசி வீடியோ அனுப்பணுமாம். நான் எடுத்தது ஒண்ணரை நிமிஷம் வருது. என்ன பண்ணியும் குறைய மாட்டேங்குது."

வேலை, வீட்டுக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற ஒரு நிறுவனத்தில். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களிடம் தமிழில் பேச வேண்டிய சப்போர்ட் வேலை என்பதால் வீடியோவும் தமிழிலேயே கேட்டிருந்தார்கள். விண்ணப்பப் படிவம் அறுபது வினாடிக்கு மேல் இருந்தால் கோப்பையே ஏற்காது. கடைசி நாள் ஞாயிறு. அவள் எட்டு மாதமாக வேலையில்லாமல் இருக்கிறாள். அதில் என் அக்காவின் ஆபரேஷனும் கலந்திருந்ததால், இது எனக்கும் வேறு யாருடைய விஷயமோ அல்ல.

ஞாயிறு வரைக்கும் நாங்கள் செய்ததையும், வழியில் எனக்குப் பிடிபட்ட ஒரு சின்னக் கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேமரா, வெளிச்சம், சட்டை நிறம் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது பேசவேண்டிய அந்த வாசகத்தைப் பற்றி மட்டும்.

கடிதத்தை வாசித்தால் என்ன ஆகும்

அவள் எழுதி வைத்திருந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. அதில் நடுவில் இருந்த வாக்கியம் இது:

"இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்களை வரவேற்று, அவர்களது குறைகளைக் கேட்டறிந்து, அவற்றைக் கணினியில் பதிவு செய்து, உரிய தொழில்நுட்பப் பணியாளர்களிடம் ஒப்படைத்து, பணி நிறைவடைந்ததும் வாகனத்தைத் திருப்பி அளிக்கும் பொறுப்பில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியுள்ளேன்."

காகிதத்தில் இது தப்பே இல்லை. ஆனால் இதைக் காதால் கேட்டுப் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "வரவேற்று", "கேட்டறிந்து", "பதிவு செய்து", "ஒப்படைத்து" என்று ஒவ்வொரு எச்சமும் வந்துகொண்டே இருக்க, இது எங்கே போய் முடியப்போகிறது என்று கேட்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணால் படிப்பவருக்குக் கஷ்டமில்லை. வாக்கியத்தின் நுனியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. "பணியாற்றியுள்ளேன்" என்று முடியும்போது "வரவேற்று" மறந்து போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் இதை வாசித்து எடுத்த வீடியோவில் குரல் அவளுடையதாகவே இல்லை, செய்தி வாசிப்பவர் குரல் மாதிரி இருந்தது. அதற்கு அவள் பயம் காரணமில்லை, எழுத்துதான் காரணம். "பணியாற்றியுள்ளேன்" என்று தாளில் இருந்தால் நாக்கு அதைச் செய்தி மாதிரிதான் சொல்லும். நாம் எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் வேறு வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பேசுவதற்கு என்று உட்கார்ந்து எழுதும்போதுகூட, பேனாவைப் பிடித்தவுடன் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது.

மீதி இருந்தது பயோடேட்டா. அப்பா பெயர், சொந்த ஊர், படித்த பள்ளி, பிறந்த தேதி. இதெல்லாம் படிவத்தில் ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டது. பார்ப்பவருக்கு முன்னால் அதே படிவம் திறந்திருக்கும். பிறகு "கடின உழைப்பாளி", "குழுவாகச் செயல்படும் திறன் உடையவள்" என்று இரண்டு வரி. இது விண்ணப்பிக்கிற எல்லோருடைய தாளிலும் இருக்கிற வரிதான்.

125 சொல் என்ற கணக்கு ஏன் பொய்த்தது

அவள் அளவு தெரியாமல் எழுதவில்லை. எங்கேயோ படித்துவிட்டு, நிமிடத்துக்கு 130 சொல் என்று வைத்து, 125 சொல்லில்தான் நிறுத்தியிருந்தாள். ஆனால் வாசித்தால் 94 வினாடி. "நான் மெதுவாப் பேசறேனா மாமா?" என்று கேட்டாள்.

இல்லை. அந்த 130 என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. ஆங்கிலத்தில் நாலு சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் விகுதி, வேற்றுமை எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வந்துவிடும். "வாடிக்கையாளர்களிடமிருந்து" என்பது எண்ணிக்கையில் ஒரு சொல். வாயில் அது ஒரு வாக்கியம் அளவுக்கு நீளம். அதனால் தமிழில் சொற்களை எண்ணி நேரத்தைக் கணிக்க முடியாது.

அப்படியென்றால் எதை எண்ணுவது? இங்கேதான் தமிழ் எழுத்து நமக்கு ஒரு உபகாரம் செய்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு, உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணினால், வாயிலிருந்து வரும் ஒலித்துண்டுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே கிடைத்துவிடும். "வணக்கம்" என்பதில் வ, ண, க மூன்று. "பார்த்தேன்" என்பதில் பா, தே இரண்டு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எழுத்து எண்ணுகிற வழக்கம் உண்டு. நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. பாட்டுக்கு உதவிய கணக்கு பேச்சுக்கும் உதவும்தானே என்று முயன்று பார்த்தேன்.

தாளில் பென்சிலால் எண்ணலாம். பலமுறை திருத்தி எண்ண வேண்டியிருந்ததால் நான் பைத்தானில் நாலு வரி எழுதிக்கொண்டேன்:

```python
import re
t = open("script.txt", encoding="utf-8").read()
p = r"[\u0B85-\u0B94]|[\u0B95-\u0BB9](?!\u0BCD)"
print(len(re.findall(p, t)))
```

முதல் பாதி உயிரெழுத்துகளைப் பிடிக்கிறது. இரண்டாவது பாதி, பின்னால் புள்ளி வராத மெய்களைப் பிடிக்கிறது. உயிர்மெய் எல்லாம் அதில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை. எண்களை இலக்கத்தில் எழுதினால் இது எண்ணாது. 2023 என்று தட்டினால் பூஜ்யம் எழுத்து. ஆனால் "ரெண்டாயிரத்து இருபத்தி மூணு" என்று வாயால் சொல்ல 11 எழுத்து வேண்டும். ஆங்கில எழுத்தில் இருக்கும் சொற்களும் அப்படித்தான் விட்டுப்போகும். பேசுகிறபடியே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அடுத்தது அவளுடைய வேகம். அதற்கு ஊர் சராசரி எதுவும் தேவையில்லை, அவளையே அளந்துவிடலாம். "நேத்து என்ன நடந்துச்சுன்னு அவசரமில்லாமச் சொல்லு" என்று சொல்லி ஒரு நிமிடம் ரெகார்டு செய்யச் சொன்னேன். அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி தட்டி எண்ணினால் 288. மூச்சு விட்டது, யோசித்து நிறுத்தியது எல்லாம் சேர்ந்தே அந்த நிமிடம் ஆனது. அதனால் வினாடிக்கு 4.8 எழுத்து என்பதில் இடைவெளிகளும் அடக்கம். அவளுடைய முதல் வரைவு 451 எழுத்து. 4.8-ஆல் வகுத்தால் 94 வினாடி. கடிகாரம் காட்டியதும் அதேதான்.

இதில் குறில், நெடில் வித்தியாசத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வரிக்கு அது பிசகலாம். ஒரு நிமிட அளவுக்குப் போனால் இரண்டும் கலந்து வந்து சமனாகிவிடுகிறது. உங்கள் வேகம் வேறாக இருக்கும். உங்களை நீங்களே ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

அறுபது வினாடியில் தொடக்கத்திலும் முடிவிலுமாக ஐந்து வினாடி ஒதுக்கிவிட்டால் மிச்சம் 55. அப்படியானால் அவளுக்கு இருக்கிற இடம் 264 எழுத்து. மேலே சொன்ன அந்த ஒரே வாக்கியம் 105 எழுத்து, 22 வினாடி. அது போக அவளைப் பற்றிச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

எழுதுவதற்கு முன்னால் பேச வேண்டும்

வெட்டிக் குறைப்பதற்குப் பதில் தாளை ஓரமாக வைக்கச் சொன்னேன். போனிலேயே கேட்டேன், "அங்க உனக்கு என்னதான் வேலை?" அவளுக்குத் தெரிந்தே ரெகார்டு செய்தேன்.

முதல் இரண்டு நிமிடம் கடிதம்தான் திரும்ப வந்தது. பிறகு, "அங்க எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. "ஐயோ மாமா, சாயங்காலம் ஆறு மணிதான். எல்லாரும் ஆபீஸ் விட்டு ஒண்ணா வருவாங்க. சில வண்டி முடிஞ்சிருக்காது. ஒரே சண்டை. என்னத்தான் திட்டுவாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"நான் மூணு மணிக்கே உள்ள போயி மெக்கானிக் அண்ணன்கிட்ட எது முடியாதுன்னு கேட்டுக்குவேன். அவங்களுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிடுவேன். அப்புறம் சண்டை வரல."

"இதை ஏன் எழுதலை?"

"இது என்ன பெரிய விஷயமா மாமா?"

மொத்த வேலையிலும் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். யாரும் சொல்லாமல் அவளே யோசித்துச் செய்தது அது ஒன்றுதான். அவள் கேட்கிற வேலைக்கு நேராகப் பொருந்துவதும் அதுதான். ஆனால் கடிதத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிருந்தது. காரணம், நாம் எல்லோரும் பார்த்துப் படித்த விண்ணப்ப மாதிரிகளில் "பொறுப்புகள்" என்ற தலைப்பு உண்டு, "மூணு மணிக்குப் போன் பண்ணினேன்" என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. அதனால் இந்த வாசகத்தைக் கடிதத்திலிருந்து உருவாக்கக் கூடாது, பேச்சிலிருந்துதான் உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். யாராவது ஒருவர் கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்ல, அதை ரெகார்டு செய்து, சொன்னதைச் சொன்னபடி தட்டி, அப்புறம் வெட்டுங்கள். வெட்டும்போது இலக்கணத்தைத் திருத்தத் தோன்றும். அதை மட்டும் செய்யக் கூடாது.

எவ்வளவு பேச்சுத் தமிழ் என்பதில் ஒரு வரம்பு உண்டு. அவள் என்னிடம் பேசியது வீட்டுப் பேச்சு. "போட்டுக்கிட்டு", "அதாங்க மாமா" எல்லாம் இருந்தது. அவ்வளவும் வேண்டாம். பழக்கமில்லாத ஒரு பெரியவரிடம், பேங்க் கவுண்டரில், மரியாதையாகப் பேசுவோமே அந்த அளவு. "பண்ணியிருக்கேன்", "பார்த்தேன்", "சொல்லிடுவேன்" எல்லாம் அங்கே இயல்பாக வரும். சொல்கிறபடியே எழுத்துக்கூட்டி எழுதுங்கள்; அப்போதுதான் நாக்கு செய்தி வாசிக்கப் போகாது.

கடைசியில் நின்ற வாசகம்

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இப்படி வந்து நின்றது. பெயர் மட்டும் கோடிட்டிருக்கிறேன். அது நான்கு எழுத்து.

"வணக்கம். என் பேரு ____. உங்க கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன்.

ரெண்டு வருஷம் ஒரு டூ வீலர் சர்வீஸ் சென்டர்ல கவுண்டர்ல வேலை பார்த்தேன். தினமும் முப்பது வண்டி வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஒண்ணா வருவாங்க. சில வண்டி ரெடியாகியிருக்காது. சண்டை வரும். அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். மூணு மணிக்கு மெக்கானிக்கிட்ட போய் எது முடியாதுன்னு கேட்பேன். அந்த வண்டிக்காரங்களுக்கு நானே போன் பண்ணி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிடைக்கும்னு சொல்லிடுவேன். ரெண்டு மாசத்துல ஆறு மணி சண்டை கிட்டத்தட்ட நின்னு போச்சு.

உங்க விளம்பரத்துல, புகார் முடியற வரைக்கும் கஸ்டமர்கிட்ட பேசிட்டே இருக்கணும்னு போட்டிருந்தீங்க. நான் செஞ்சது அந்த வேலைதான்.

அம்மா ஆபரேஷனுக்காக எட்டு மாசம் வீட்ல இருந்தேன். இப்ப அம்மா நல்லா இருக்காங்க. ஒண்ணாம் தேதியே வேலைக்கு வர முடியும். நன்றி."

பெயரையும் சேர்த்து 263 எழுத்து, 94 சொல். 4.8-ஆல் வகுத்தால் 55 வினாடிக்குச் சற்றுக் குறைவு. பேச்சுத் தமிழில் சொற்களே சின்னதாகிவிடுவதைக் கவனியுங்கள். இதே 94 சொல்லை அவளுடைய பழைய நடையில் எழுதியிருந்தால் 70 வினாடி வந்திருக்கும்.

நேரம் எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால், யார், எந்த வேலைக்கு என்று சொல்ல 27 எழுத்து, ஐந்தாறு வினாடி. அந்த மூணு மணிக் கதைக்கு 149 எழுத்து, அதாவது 31 வினாடி. பாதிக்கு மேல் ஒரே விஷயத்துக்குக் கொடுத்தது வேண்டுமென்றேதான். ஐந்து விஷயத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. விளம்பரத்தோடு முடிச்சுப் போட 44 எழுத்து. மீதி வீட்டு விஷயமும் முடிவும்.

விளம்பர வரி பற்றி ஒரு வார்த்தை. முதலில் அவள், "உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கேற்க விரும்புகிறேன்" என்று முடித்திருந்தாள். அந்த வரியில் நிறுவனத்தின் பெயரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம். விளம்பரத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். ஏழெட்டு எதிர்பார்ப்புகளுக்கு நடுவில், புகார் முடியும்வரை வாடிக்கையாளரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்ற ஒன்றை அவளே பிடித்துவிட்டாள். கதையை முதலில் சொல்லி, அதற்குப் பின் விளம்பரத்தைக் காட்டும்போது, "நான் செஞ்சது அந்த வேலைதான்" என்று ஒன்பது எழுத்தில் சொல்லி முடித்துவிட முடிகிறது.

"கிட்டத்தட்ட" என்பதற்காக எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. "எண்பது சதவீதம் குறைஞ்சதுன்னு போடலாமா மாமா? நம்பர் இருந்தா நல்லாருக்கும்னு சொல்றாங்களே." எண்ணினாயா என்றேன். எண்ணவில்லை. அப்படியானால் நேர்காணலில், எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று கேட்டால் என்ன சொல்வாய்? முப்பது வண்டி என்பது அவள் தினமும் நோட்டில் எழுதியது, அது இருக்கட்டும். சண்டையை யாரும் எண்ணவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அதற்குப் பிறகும் நடந்தது என்று அவளே சொன்னாள். அதனால் "கிட்டத்தட்ட". நாலு எழுத்து செலவு, ஆனால் பொய் இல்லை.

அந்த எட்டு மாதம்

கடைசிப் பத்தியைக் கேட்டுவிட்டு அக்கா குரலை உயர்த்தினாள். "என் ஆபரேஷனை எதுக்குடி ஊருக்கெல்லாம் சொல்ற?" அவள் கேட்டதும் நியாயம்தான்.

நான் இரண்டு பக்கமும் யோசித்தேன். ஒரு நிமிடத்தில் ஆறு வினாடி என்பது பத்தில் ஒரு பங்கு. அதை இடைவெளிக்கு விளக்கம் சொல்லச் செலவழிப்பது நஷ்டம்தான். ஆனால் ரெஸ்யூமில் தேதிகள் இருக்கின்றன. வீடியோ பார்ப்பவர் அதையும் பார்ப்பார். "எட்டு மாசம் என்ன பண்ணினா?" என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்தால் மூணு மணிக் கதை காதில் சரியாக விழாது. அதற்காக அதை முதலில் சொன்னால் முழு வீடியோவும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். கதை முடிந்த பின், நோயின் பெயர் இல்லாமல், "துரதிர்ஷ்டவசமாக" மாதிரி சொல் இல்லாமல், என்ன நடந்தது, இப்போது எப்படி என்று மட்டும் சொல்லலாம். இரண்டே வாக்கியம்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. சொல்ல விருப்பமில்லாத காரணம் என்றால் சொல்லத் தேவையே இல்லை. நேர்காணலில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். சில வாரம் மட்டுமே இடைவெளி என்றால் அதைப் பேசி நாமே பெரிதாக்க வேண்டாம். இவள் விஷயத்தில் முடிவை அவளிடமும் அக்காவிடமும் விட்டுவிட்டேன். ராத்திரி அக்கா போன் பண்ணி, "நல்லா இருக்காங்கன்னு சொல்றால்ல, இருக்கட்டும் தம்பி" என்றாள்.

கேட்டவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது

வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தோம். வாசகத்தை ஒலியாக மட்டும் பதிவு செய்து, இவளைத் தெரியாத என் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரு தடவை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில், "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "மூணு மணிக்கு போன் பண்ற பொண்ணுதானே. வண்டி சர்வீஸ். அம்மாவுக்கு ஏதோ ஆபரேஷன்." பெயர் ஞாபகம் இல்லை. பரவாயில்லை, பெயர் படிவத்தில் இருக்கிறது. பழைய 94 வினாடிப் பதிவை வேறொரு நண்பருக்கு அதே மாதிரி அனுப்பியிருந்தேன். "நல்லாப் பேசினாங்க" என்றார். என்ன பேசினாள் என்பது அவருக்கு நினைவில்லை.

முகத்தை மறைத்துக் கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். வாசிக்கிறவர் எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு நிறுத்துவார். பேசுகிறவர் "சண்டை வரும்" என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார், "அதனால" என்று சட்டென்று தொடங்குவார். நிறுத்தம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அவள் முதலில் போனுக்குப் பின்னால் தாளை ஒட்டி வைத்துப் படித்துப் பார்த்தாள். கண் இடமிருந்து வலமாக ஓடுவது வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் மொத்தமும் நின்றுவிடுகிறது. கடைசியில் வேலை செய்தது இதுதான்: ஒரு சின்னச் சீட்டில் "ரெண்டு வருஷம், ஆறு மணி, மூணு மணி, விளம்பரம், அம்மா" என்று ஐந்து குறிப்பை மட்டும் எழுதி லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடம், நடுவில் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு சொந்தமாகச் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறின. நேரம் 53-க்கும் 57-க்கும் நடுவில் நின்றது. அதற்காகத்தான் முதலிலேயே அந்த ஐந்து வினாடியை விட்டு வைத்தோம்.

பட்டனை அழுத்திய உடனே பேசத் தொடங்கினால் "வணக்கம்" என்பதன் தலை வெட்டுப்பட்டு "ணக்கம்" என்று வரும். மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத் தொடங்க வேண்டும். நாலாவது தடவை எடுத்ததை அனுப்பினாள். அதற்கு மேல் எடுத்தவற்றில் பிழை குறைந்தது, உயிரும் குறைந்தது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. சில நிறுவனங்கள் கோப்பாகக் கேட்பதில்லை. அவர்களுடைய தளத்திலேயே கேள்வி திரையில் வரும். யோசிக்கக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுப் பதிவு தானாகத் தொடங்கிவிடும். மறுபடி எடுக்கவும் விடாது. அங்கே எழுதிய வாசகம் உதவாது, அந்த ஐந்து குறிப்புச் சீட்டு மட்டும்தான் உதவும். எந்த வகை என்று படிவத்தின் விதிகளை முன்னாலேயே படித்துவிடுவது நல்லது.

ஞாயிறு மத்தியானம் கோப்பு போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. முதல் கேள்வியே, "மூணு மணிக்கு மெக்கானிக் சரியாச் சொல்லிடுவாரா? முடிஞ்சிரும்னு சொல்லிட்டு முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?" என்பதுதானாம். அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். அடுத்த சுற்று வரும் வியாழக்கிழமை. எட்டு மாதத்தைப் பற்றி அவர்கள் எதுவுமே கேட்கவில்லை என்று சொன்னபோது, பின்னால் அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.